அத்தையின் தோடியும் கரண்டின் ரீங்காரமும்

போன வருஷம் அத்தான் ஒரு கேசட்டைக் கொடுத்தார். 60 நிமிஷ கேசட். உறையில் மாமாவின் கையெழுத்தில் 1986 என்றும், அதற்குக் கீழே ராகங்களின் பெயரும். அத்தை வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். கச்சேரி எல்லாம் கிடையாது, ரேடியோவில் பாடியதும் இல்லை. ஒரு சாயங்காலம் மாமா சுருதிப் பெட்டி போட, அத்தை கூடத்தில் உட்கார்ந்து பாடியதை அவர்கள் வீட்டு டேப் ரெக்கார்டரிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அத்தை குரலாக மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

கேசட் ஓடியது. ஆனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆடியது. சுருதிப் பெட்டியே ஆடியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டிய பெட்டி, ஊஞ்சலில் வைத்து வாசித்த மாதிரி மேலும் கீழும் போய்வந்தது.

இந்த நோய்க்கு ஆடியோக்காரர்கள் வைத்த பெயர் வாவ், ஃப்ளட்டர். டேப் ஓடும் வேகம் நிலையாக இல்லாவிட்டால் சுருதியும் நிலையாக இருக்காது. ஆட்டம் மெதுவாக, வினாடிக்கு நாலைந்து தடவைக்குள் இருந்தால் வாவ். அதைவிட வேகமாகப் படபடத்தால் ஃப்ளட்டர். டேப் டெக் விளம்பரங்களில் 0.1 சதவீதம், 0.2 சதவீதம் என்று போடுவார்களே, அது இதைத்தான். 3150 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைப் பதிந்த டேப்பை ஓட்டி, அது எவ்வளவு அலைகிறது என்று மீட்டரில் பார்ப்பார்கள். அந்த மீட்டர் எல்லா ஆட்டத்தையும் ஒரே மாதிரி எடைபோடாது. வினாடிக்கு 4 தடவை ஆடும் ஆட்டத்துக்குத்தான் அதிக எடை, ஏனென்றால் மனிதக் காது அதைத்தான் சட்டென்று பிடிக்கிறது.

இந்த 4 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் செய்தது சோம்பேறித்தனம். டிஜிட்டலாக மாற்றி, சந்தையில் கிடைக்கும் ஒரு மென்பொருளில் போட்டு ஆட்டோமேட்டிக் பொத்தானை அமுக்கினேன். சுருதிப் பெட்டி ஓரளவு நின்றுவிட்டது. சந்தோஷமாக அத்தானுக்கு அனுப்பினேன். ஒரு நாள் கழித்து போன் வந்தது.

"குரல் அம்மாவோடதுதான் மாப்ளே. ஆனா தோடி என்னமோ மாதிரி இருக்கு. காந்தாரம் எங்க போச்சு?"

திரும்பக் கேட்டபோதுதான் உறைத்தது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உருவம். அத்தை பாடியதை அளந்து பார்த்தேன். அவருடைய கம்பிதம் வினாடிக்கு நாலு, நாலரை அசைவு. மென்பொருளுக்கு ராகம் தெரியாது. ஆடும் சுருதியைக் கண்டால் நிமிர்த்து என்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. அது டேப்பின் ஆட்டத்தோடு அத்தையின் கமகத்தையும் பாதி நிமிர்த்திவிட்டது. ஹார்மோனியத்தில் வாசித்த தோடி போல ஆகியிருந்தது.

மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. பாட்டையே கேட்டு, ஸ்வரங்கள் இருக்க வேண்டிய இடத்தை ஊகித்து, வேகத்தைச் சரிசெய்யும் முறை ஒன்று உண்டு. 2011-இல் செலமனி நிறுவனம் வெளியிட்ட கேப்ஸ்டன் அந்த வகையில் பெயர் பெற்றது. பியானோ, ஆர்கெஸ்ட்ரா மாதிரி ஸ்வரம் நிற்கும் சங்கீதத்துக்கு அந்த வழி பொருந்தும். குரலே ஆட வேண்டிய இடத்தில், குரலைச் சாட்சியாக வைத்து டேப்பை விசாரிக்க முடியாது. வேறு சாட்சி வேண்டும். பதிவான நேரத்தில் நிச்சயமாக ஆடாமல் இருந்த ஏதோ ஒன்று அந்த டேப்பில் இருந்தாக வேண்டும்.

அந்தச் சாட்சியை மற்றவர்கள் எங்கே தேடினார்கள் என்று படிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு நீளம் ஆனது.

சினிமாக்காரர்கள் சாட்சியை வேண்டுமென்றே பதிந்துவைத்தார்கள். ஃபிலிமில் ஓரத்துளைகள் உண்டு, அதனால் வேகம் கணக்குக்குள் நிற்கும். கால் அங்குல டேப்பில் துளை இல்லை, அது வழுக்கலாம், நீளலாம். ஆகவே ஸ்டெஃபான் குடெல்ஸ்கியின் நாக்ரா போன்ற ரெக்கார்டர்களில், வசனத்தோடு கூடவே கேமராவிலிருந்து வரும் ஒரு நிலையான சிக்னலையும் பதிவார்கள். ஐரோப்பாவில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. பைலட் டோன் என்று பெயர். பிறகு ஸ்டுடியோவில் டேப்பை ஓட்டும்போது அந்த பைலட் சரியாக வரும்படி வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள். உதட்டசைவும் பேச்சும் ஒட்டி வந்தது இப்படித்தான்.

பாட்டு ரெக்கார்டிங்குகளில் யாரும் பைலட் போடவில்லை. ஆனால் போட்டது தெரியாமலே ஒன்றைப் போட்டிருக்கிறார்கள் என்று கவனித்தவர் அமெரிக்காவின் ஜேமி ஹோவார்த். காந்த டேப்பில் நேரடியாக ஒலியைப் பதிந்தால் கரகரப்பாக இருக்கும். அதனால் காதுக்கு எட்டாத உயர் அதிர்வு ஒன்றை, ஏறத்தாழ 100 கிலோஹெர்ட்ஸிலோ அதற்கு மேலோ, ஒலியோடு கலந்து பதிவார்கள். அதற்கு பயாஸ் என்று பெயர். வேலை முடிந்ததும் அதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் அதன் தடம் மங்கலாக டேப்பில் தங்கிவிடுகிறது. அது ஒரு மின்சுற்றிலிருந்து வந்தது, அசையாதது. தனி ஹெட், தனி ஆம்பிளிஃபயர் வைத்து அந்தத் தடத்தை எடுத்தால், அது எங்கெல்லாம் அலைகிறதோ அங்கெல்லாம் டேப் அலைந்தது என்று அர்த்தம். 2004-இல் பாட்ரிக் வுல்ஃப் என்பவரோடு சேர்ந்து இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். பிளான்ஜென்ட் என்ற பெயரில் இன்றும் பெரிய பெரிய ரீல்களை இந்த வழியில் சரிசெய்கிறார்கள்.

உட்டி கத்ரி 1949-இல் நியூஜெர்சியில் பாடிய ஒரு நிகழ்ச்சி கம்பியில் பதிவாகியிருந்தது. டேப் அல்ல, மெல்லிய எஃகுக் கம்பி. பெரும்பாலான கம்பி ரெக்கார்டர்களில் வேகத்தை நிர்ணயிக்கத் தனி அச்சு கிடையாது, சுருட்டும் உருளைதான் இழுக்கும். உருளை பருக்கப் பருக்க வேகமும் கூடும். அந்தக் கம்பியை மீட்டதில் ஹோவார்த்தோடு நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் கெவின் ஷார்ட்டும் உண்டு. 2008-இல் அந்த ஆல்பத்துக்குச் சிறந்த வரலாற்று ஆல்பம் என்று கிராமி கிடைத்தது. ஒரு கணித வாத்தியார் வீட்டில் கிராமி இருப்பது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

சரி, அத்தை கேசட்டில் பயாஸைத் தேடலாமா? ஒரு சின்னக் கணக்குப் போட்டதும் ஆசை அடங்கிவிட்டது. கேசட் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 100 கிலோஹெர்ட்ஸ் பயாஸ் என்றால் டேப்பில் ஓர் அலையின் நீளம் அரை மைக்ரான்கூட இல்லை. கேசட் டெக்கின் ஹெட்டில் உள்ள இடுக்கு ஒரு மைக்ரானுக்கு மேல். இடுக்கைவிடச் சிறிய அலையை ஹெட்டால் படிக்க முடியாது. வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் ஸ்டுடியோ ரீலில் அதே அலை நாலு மைக்ரானுக்குப் பக்கம் வரும், அதனால்தான் அங்கே கைகூடுகிறது. வீட்டுக் கேசட்டுக்கு அந்தக் கதவு சாத்தியாயிற்று.

அப்புறம் ஒரு ராத்திரி ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தபோது, அத்தை மூச்சு விடுகிற இடைவெளியில், சுருதிப் பெட்டிக்கும் அடியில், ம்ம்ம் என்று ஒரு இரைச்சல் கேட்டது. கரண்ட் ரீங்காரம். மாமா ரெக்கார்டரை பிளக்கில் சொருகித்தான் பதிந்திருக்கிறார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ரெக்டிஃபயர் வழியாக இறங்கும்போது 100 ஹெர்ட்ஸாக டேப்பில் உட்கார்ந்துவிட்டது. இத்தனை நாள் நாம் வடிகட்டித் தூக்கிப்போட நினைக்கும் அந்த ரீங்காரம்தான் மாமா தெரியாமல் போட்ட பைலட் டோன். அத்தையின் குரல் எவ்வளவு கீழே இறங்கினாலும் 140 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதில்லை. ஆகவே பாட்டும் சாட்சியும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளவே மோதாது.

ஆனால் உடனே கணினிக்குப் போகக்கூடாது. டேப்பில் பதிவான ஆட்டம் வேறு, இன்று ஓட்டும்போது சேரும் ஆட்டம் வேறு. முதலில் ரெண்டையும் பிரிக்க வேண்டும். அதற்கு எளிய வழி, ஒரே பக்கத்தை இரண்டு தடவை ஓட்டிப் பதிந்து, ஆட்டத்தின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பது. இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால் அது 1986-இன் ஆட்டம். இடம் மாறினால் அது இன்றைய டெக்கின் வேலை, அல்லது கேசட்டின் கூட்டினுடையது.

என் வரைபடத்தில் இரண்டு ஆட்டங்கள் தெரிந்தன. ஒன்று வினாடிக்கு 1.2 தடவை, இரண்டு ஓட்டத்திலும் அச்சு அசலாக ஒரே இடத்தில். இன்னொன்று அதைவிட மெதுவானது, பக்கத்தின் முடிவை நெருங்க நெருங்கக் கொஞ்சம் வேகம் கூடியது, ஒவ்வொரு ஓட்டத்திலும் இடம் மாறியது. இந்த எண்களைப் பார்த்தே எந்தச் சக்கரம் குற்றவாளி என்று சொல்லிவிடலாம். டேப் சுற்றியிருக்கும் சக்கரம் நிறைந்திருக்கும்போது ஆரம் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர், காலியாகும்போது 11. அப்படியானால் அது வினாடிக்கு 0.3 சுற்றில் தொடங்கி 0.7 சுற்றில் முடியும். போகப்போக வேகம் கூடும் ஆட்டம் இதனுடையதுதான். கேசட் கூட்டுக்குள் வழுக்குத் தாள் சுருங்கி, சக்கரம் ஓரிடத்தில் உரசுகிறது. திருகு போட்ட ஒரு புதுக் கேசட்டைத் திறந்து, உள்ளிருந்த டேப்பை எடுத்துவிட்டு, அத்தையின் டேப்பை அதற்குள் மாற்றினேன். கை நடுங்கியது, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த மெதுவான ஆட்டம் போயே போய்விட்டது. ஒரு வரி புரோகிராமும் எழுதாமல் பாதி நோய் தீர்ந்தது.

வினாடிக்கு 1.2 தடவை என்பது வேறு கதை. டேப்பை அச்சோடு அழுத்தும் ரப்பர் உருளை, பிஞ்ச் ரோலர், விட்டம் 13 மில்லிமீட்டர் என்று வைத்தால் சுற்றளவு 41 மில்லிமீட்டர். 47.6-ஐ 41-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.16 வரும். மாமாவின் ரெக்கார்டரில் அந்த ரப்பர் ஒரு பக்கம் பள்ளமாகிப் போயிருக்க வேண்டும். அந்த ரெக்கார்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது, ரப்பரின் பள்ளம் மட்டும் டேப்பில் இருக்கிறது. அளவு கூட்டியும் குறைத்தும் 0.7 சதவீதம். சுருதிக் கணக்கில் சொன்னால், ஓர் அரைக்கட்டையை 100 பங்காக, அதாவது 100 சென்ட்டாகப் பிரித்தால், மேலும் கீழும் 12 சென்ட்.

இங்கே ஒரு சிக்கல். இன்றைய டெக்கும் கரண்டில்தான் ஓடுகிறது, அதற்கும் 100 ஹெர்ட்ஸில் ரீங்காரம் உண்டு. டேப்பை நிறுத்திவைத்துப் பதிந்து பார்த்தால் அது மட்டும் தனியாகத் தெரியும், கோடு போட்ட மாதிரி நேராக. பழைய ரீங்காரம் 99-க்குப் பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தது. ஒரு ஹெர்ட்ஸ்கூட இடைவெளி இல்லாத இரண்டு கோடுகளை எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். விடை டெக்கின் முன்பக்கத்திலேயே இருந்தது. என் டெக்கில் பிட்ச் கன்ட்ரோல் திருகு உண்டு. அதைத் திருகி டேப்பை 8 சதவீதம் வேகமாக ஓட்டினேன். டேப்பில் இருந்த ரீங்காரம் 107-க்கு ஏறிக்கொண்டது. டெக்கின் ரீங்காரம் டேப்பைச் சார்ந்ததல்ல, அது 100-லேயே நின்றது. ஸ்பெக்ட்ரோகிராமில் கீழே ஒரு நேர்கோடு, மேலே ஒரு நெளிகோடு. அந்த நெளிகோடுதான் எனக்கு வேண்டியது.

மிச்சம் சின்ன வேலை. நெளிகோட்டை மட்டும் வடிகட்டி எடுத்து, ஒவ்வொரு கணத்திலும் அதன் அதிர்வு என்ன என்று கணக்கிட்டு, இருக்க வேண்டிய அளவால் வகுத்தால் அந்தக் கணத்தில் டேப்பின் வேகம் கிடைக்கும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் உண்மையான நேரம் கிடைக்கும். அந்த நேரத்தின்படி ஒலியைத் திரும்ப அடுக்க வேண்டும்.

```python
import numpy as np
from scipy.signal import butter, sosfiltfilt, hilbert

sos = butter(4, [102.5, 111.5], 'bandpass', fs=fs, output='sos')
z = hilbert(sosfiltfilt(sos, x))
f = np.diff(np.unwrap(np.angle(z))) * fs / (2 * np.pi)
speed = f / 97.2
t_true = np.cumsum(speed) / fs
t_even = np.arange(0, t_true[-1], 1 / fs)
y = np.interp(t_even, t_true, x[1:])
```

இது எலும்புக்கூடு மட்டும். கடைசி வரியில் உள்ள எளிய இடைநிரப்பு உயர்ந்த ஒலிகளை மழுக்கிவிடும், நிஜ வேலைக்கு நல்ல ரீசாம்ப்ளர் வேண்டும். அதைவிட முக்கியம், 97.2 என்ற எண் எங்கிருந்து வந்தது? ரீங்காரம் 100 இல்லையா?

இல்லை. இந்த இடத்தில்தான் நான் ரெண்டாவது தடவை ஏமாற இருந்தேன். 100 என்று வைத்தே முதலில் ஓட்டினேன். ஆட்டம் நின்றது, காந்தாரம் அப்படியே இருந்தது, எல்லாம் சரி. ஆனால் அத்தை கொஞ்சம் சின்னப் பெண்ணாகத் தெரிந்தார். அவர் பாடுவது 5 கட்டை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கணக்குப் பார்த்தால் 5-க்கு மேலே கால் கட்டை தூக்கலாக வந்தது.

அப்போதுதான் அந்தக் காலத்துக் கரண்டை நினைத்தேன். எண்பதுகளில் தென்மாநில மின்கட்டத்தில் சாயங்காலத் தேவை உச்சத்துக்குப் போகும்போது உற்பத்தி ஈடுகொடுக்காது. ஜெனரேட்டர்கள் மெதுவாகச் சுற்றும். 50 என்பது பேருக்குத்தான், 49-க்குக் கீழே இறங்குவது சகஜம். 48-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் சுருதியில் 70 சென்ட், அதாவது முக்கால் அரைக்கட்டை.

ரீங்காரம் ஆடாது என்பது சில வினாடிகளுக்கு மட்டும் உண்மை. அவ்வளவு பெரிய டர்பைன்கள் ஒரு வினாடியில் வேகம் மாறிவிடாது. ஆகவே பிஞ்ச் ரோலரின் ஆட்டத்தைப் பிடிக்க அது தங்கமான சாட்சி. ஆனால் கால் மணி நேரத்தில் மெதுவாக இறங்கலாம், மொத்தமாகவே தப்பான இடத்திலும் இருக்கலாம். அதற்கு இன்னொரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி அத்தான் வீட்டுப் பரணில் இருந்தது. மாமா அன்றைக்குப் போட்ட அதே துருத்திச் சுருதிப் பெட்டி. பித்தளை ரீடின் சுருதியை அதன் நீளமும் கனமும்தான் தீர்மானிக்கின்றன. நாற்பது வருஷத்தில் தூசியும் களிம்பும் சேர்ந்து சில சென்ட் மாறலாம், கால் கட்டை மாறாது. தூசி தட்டி அளந்தேன். ஷட்ஜம் 195.2 ஹெர்ட்ஸ். வேகமாக ஓட்டிய டேப்பில் அதே ஷட்ஜம் சராசரியாக 215.0, ரீங்காரம் 107.07. டேப் எந்த வேகத்தில் ஓடினாலும் இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது, 2.008. 195.2-ஐ 2.008-ஆல் வகுத்தால் 97.2. அதில் பாதி 48.6. அன்றைக்குச் சாயங்காலம் அத்தை வீட்டு பிளக்கில் வந்த மின்சாரம் வினாடிக்கு 48.6 அதிர்வு.

சுருதிப் பெட்டியையே முழுக்க நம்பியிருக்கலாமே என்று கேட்கலாம். துருத்தியை அமுக்கும் வேகத்துக்கு ஏற்ப ரீடும் இரண்டொரு சென்ட் அசையும். அதோடு, அத்தை ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ நின்றாலும், அவற்றைக் கடந்து போனாலும், குரல் பெட்டியின் மேல் ஏறி அதை மறைத்துவிடும். ஆகவே வேகமான ஆட்டத்துக்கு ரீங்காரம், அரை நிமிஷத்துக்கு மேற்பட்ட மெதுவான நகர்வுக்குச் சுருதிப் பெட்டி என்று வேலையைப் பிரித்துக்கொடுத்தேன்.

மொத்த வேகமே தப்பாக இருப்பதைக் கண்டுபிடிப்பது ஆட்டத்தைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம், ஏனென்றால் காதுக்கு உறுத்தாது. மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பத்துக்கு 1959 மார்ச் 2-ஆம் தேதி நடந்த ஒலிப்பதிவில் பிரதான டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. அதனால் இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்கச் சுருதி தூக்கலாகவே வெளியானது. ஜாஸ் உலகமே கேட்ட தட்டு அது. கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பை வைத்து அதைச் சரிசெய்து வெளியிட்டது 1992-இல்தான்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மாமாவின் ரெக்கார்டரில் ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவல் இருந்திருக்கிறது. அத்தை மேல் ஷட்ஜத்துக்குப் போனதும் அது எல்லாவற்றையும் அமுக்க, ரீங்காரமும் அமுங்கி, அளவீடு தாறுமாறாகத் துள்ளியது. ரீங்காரத்தின் பலம் ஒரு அளவுக்குக் கீழே போன இடங்களில் அளவீட்டை நீக்கிவிட்டு, முன்னும் பின்னும் உள்ள 1.2 ஆட்டத்தின் தாளத்தையே தொடர்ந்து வரைந்தேன். ஒரு வினாடி, ஒன்றரை வினாடி இடைவெளிக்குத்தான் இது செல்லும். இன்னொன்று, 100 ஹெர்ட்ஸை ஒட்டி அளப்பதால் வினாடிக்கு நாலைந்து ஆட்டம் வரைதான் பிடிக்க முடியும். கேசட்டின் அச்சு 2 மில்லிமீட்டர் கனம் என்றால் வினாடிக்கு ஏழரைச் சுற்றுச் சுற்றும். அதன் கோணல் உண்டாக்கும் ஃப்ளட்டர் என் வலையில் சிக்காது. குரலில் மெல்லிய மணல் உரசல்போல அது இன்னும் இருக்கிறது, விட்டுவிட்டேன்.

கமகத்தைத் திரும்பவும் தின்றுவிடவில்லை என்று எப்படி நிச்சயம் செய்வது? திருத்தக் கோட்டை மட்டும் தனியாக வரைந்து பார்த்தேன். அத்தை பாடும்போதும், மூச்சுக்கு நிறுத்தும்போதும், அடுத்த பிடிக்குக் காத்திருக்கும்போதும் அது ஒரே தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பாட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். பாட்டு நிற்கும்போது திருத்தமும் நின்றால், பாட்டைத் திருத்துகிறோம் என்று அர்த்தம். திருத்தம் எந்த இடத்திலும் 14 சென்ட்டைத் தாண்டவில்லை. காந்தாரத்தின் அசைவோ ஓர் அரைக்கட்டைக்கு மேலேயே போய்வருகிறது. திருத்திய பிறகு அளந்தபோது சுருதிப் பெட்டியின் ஆட்டம் 0.7 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 0.1-க்கு வந்திருந்தது.

ஒரே ஓரிடம் மட்டும் என்னை விடவில்லை. தோடி ஆலாபனையில் பதினோராவது நிமிஷம், அத்தை பஞ்சமத்தில் நிற்கிறார். நிறுத்தி மூன்று வினாடிக்குப் பிறகு குரல் நடுங்குகிறது. சுருதிப் பெட்டி நேராக இருக்கிறது. ரீங்காரம் நேராக இருக்கிறது. குரல் மட்டும். நான் எழுதியதில் ஏதோ பிழை என்று ஒரு வாரம் தேடினேன். நடுக்கத்தைக் கையால் நிமிர்த்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, அதற்கு முன் அத்தானிடம் போட்டுக் காட்டினேன்.

அவர் அந்த இடத்தை மூன்று தடவை கேட்டார்.

"அது டேப் இல்ல மாப்ளே. அந்த வருஷம்தான் அம்மாவுக்கு இளைப்பு ஆரம்பிச்சது. நிறுத்திப் பாடினா அப்படித்தான் வாங்கும். அதத் தொடாத."

தொடவில்லை. ஒட்டிய டேப், திருத்தாத பதிவு, திருத்தக் கோடு, திருத்திய பதிவு நாலையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறு யாராவது இதைவிட நன்றாகச் செய்யலாம்.

இன்னும் பி பக்கம் பாக்கி. அதில் ஆறாவது நிமிஷத்தில் டக் என்று ஒரு சத்தம், மாமா ஏதோ முணுமுணுக்கிறார், அப்புறம் ரீங்காரம் இல்லை. கரண்ட் போய்விட்டது, மாமா பேட்டரி போட்டு மேலே பதிந்திருக்கிறார். அதிலிருந்து கடைசி வரை சுருதிப் பெட்டி ஒன்றுதான் சாட்சி. பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகப் போயிருக்கும்போல, கடைசியில் அத்தை குரல் ஏறிக்கொண்டே போகிறது. இருட்டில் மாமா துருத்தி போடும் சத்தமும் கேட்கிறது.